வேகம் கூட்டாமல் வீடியோ காலைச் சரிசெய்த கதை: ஒன்பது மாத அனுபவம்

வெளிநாட்டில் இருக்கும் அக்காவோடு அம்மா தினமும் இரவு எட்டு மணிக்குப் பேசுவார். எங்கள் இணைப்பு பழைய தொலைபேசிக் கம்பி வழியாக வருவது. டவுன்லோட் 8 எம்பிபிஎஸ், அப்லோட் 1-க்கும் கொஞ்சம் குறைவு. அதை வீட்டில் ஐந்து பேர் பகிர்ந்துகொள்கிறோம். பத்து நிமிடம் நன்றாகப் போகும், அப்புறம் அம்மாவின் முகம் அப்படியே உறைந்துவிட்டது என்று அக்கா சொல்வாள். வேடிக்கை என்னவென்றால், அக்காவின் படம் எங்களுக்குத் தெளிவாகவே தெரியும்.

நான் கவனித்திருக்க வேண்டிய குறிப்பு அதுதான். அவர்கள் படம் நமக்குச் சரியாக வந்து, நம் படம் மட்டும் அவர்களுக்குத் தடுமாறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் அப்லோடை. நானோ பல வாரம் டவுன்லோட் வேகத்தையே அளந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் கால் நடக்கும்போதே மடிக்கணினியில் இதை ஓடவிட்டேன் (விண்டோஸில் `-t` சேர்த்தால்தான் நிற்காமல் ஓடும்):

```
ping 1.1.1.1
```

ஒரு சின்னத் தரவு இணையத்துக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று இது காட்டும். 35 மில்லிவிநாடியில் இருந்த எண் திடீரென 1800-க்குத் தாவியது. அதே நேரம் ரவுட்டருக்கு பிங் அடித்தால் 3-ஐத் தாண்டவில்லை. ஆக, வைஃபை மேல் குற்றமில்லை. தேடிப் பார்த்தால், தம்பி அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறான். அவன் போன் வைஃபையைப் பிடித்ததும் அன்றைய போட்டோக்களை பேக்கப் செய்யத் தொடங்கிவிட்டது. 4 எம்பி போட்டோ ஒன்றே இந்த அப்லோடில் அரை நிமிடத்துக்கு மேல் ஓடும். அவனோ ஒரு நாளைக்கு நாற்பது எடுப்பான்.

மோடம் தாங்காத அளவு தரவு வந்தால் அதைக் கைவிடாமல் வரிசையில் நிறுத்திவைக்கும். 250 கேபி வரிசையில் நின்றால், 1 எம்பிபிஎஸ் கம்பியில் அது வடிய இரண்டு விநாடி. அம்மாவின் குரலும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். வேகம் போதாதது வேறு, இது வேறு. போட்டோ ஏறாத நேரத்தில் அதே கம்பியில் கால் ஒழுங்காகத்தானே ஓடியது?

தீர்வு, வரிசையை மோடத்திடம் விடாமல் நம் கைக்குள் வைத்துக்கொள்வது. OpenWrt என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட பழைய ரவுட்டர் ஒன்றை மோடத்துக்குப் பின்னால் கேபிளில் இணைத்து, அதில் வரிசையைக் கையாளும் SQM என்ற பகுதியில் `cake` முறையைத் தேர்ந்தெடுத்தேன். கம்பியின் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவான எண்ணை அங்கே கொடுத்துவிட்டால், மோடத்தில் வரிசை சேராது. ரவுட்டரே எல்லோருக்கும் முறைவைத்து அனுப்பும். குரல் போன்ற சின்ன ஓட்டங்கள் போட்டோ மூட்டைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் இரண்டு முறை சறுக்கினேன். முதலில் காலையில் வேகத்தை அளந்து, அதில் 90 சதவீதத்தைப் போட்டேன். பகலெல்லாம் அருமை, இரவு எட்டுக்குப் பழைய கதை. எங்கள் பகுதியில் இரவானால் டவுன்லோட் 5-க்கும் அப்லோட் 0.8-க்கும் இறங்கிவிடுகிறது. நாம் போட்ட எண் உண்மை வேகத்தைவிடப் பெரிதாகிவிட்டால் வரிசை மறுபடி வெளியே போய்விடும். மூன்று இரவு அளந்து, கிடைத்ததில் குறைந்த எண்ணிலிருந்து இன்னும் கொஞ்சம் கழித்து 4400, 700 கேபிபிஎஸ் என்று வைத்தேன். பகலில் கொஞ்சம் வேகம் வீணாகிறது. எனக்கு அது பரவாயில்லை.

இரண்டாவது சறுக்கல் சில்லறைத்தனமானது. மோடத்தின் சொந்த வைஃபையை அணைக்க மறந்திருந்தேன். தம்பியின் போன் அதையே பிடித்து, ரவுட்டரைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எல்லாக் கருவிகளும் ஒரே வாசலில் போனால்தான் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம்.

இப்போது பேக்கப் ஓடும்போதே பிங் 60-ஐச் சுற்றி நிற்கிறது. படம் முன்பைவிடக் கூர்மை இல்லை; 700-க்குள் அடங்க கால் செயலியே தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் உறைவது நின்றுவிட்டது. வீட்டில் இருவர் ஒரே நேரத்தில் வீடியோ கால் பேசினால் மட்டும் இரண்டும் மங்குகின்றன. அதற்கு இந்தக் கம்பியில் வழியில்லை.

எல்லாத் தடங்கலும் நம் பக்கமும் இல்லை. போன மாதம் நாலு நாள் அக்காவின் படம்தான் உடைந்து உடைந்து வந்தது. எங்கள் பிங் அசையவே இல்லை. அவள் வீட்டில் யாருடைய போனில் பேக்கப் ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னேன். மருமகனுடையதாம்.