குளோபின் எம்ஆர்என்ஏவை அழிக்கும் இரண்டு வழிகள்

ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை ஏந்திய எம்ஆர்என்ஏ பல மணி நேரம் நிலைக்கும். அதைச் சீக்கிரம் அழிக்க செல்லிடம் இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, வால் சுருக்கம். 1986இல் முயலின் குளோபின் மரபணுவின் கடைசிப் பகுதியில், வெள்ளணுக்களை வளர்க்கும் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதத்தின் மரபணுவிலிருந்து ஏ, யு எழுத்துகள் நிறைந்த துண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். ஆர்என்ஏ அரைமணிக்குள் பாதியாகிவிட்டது. இத்தகைய துண்டில் ஒட்டும் புரதங்கள் சிசிஆர்4-நாட் நொதியை அழைக்கின்றன. அது ஆர்என்ஏவின் கடைசியில் ஏ எழுத்துகளாலான பாலி-ஏ வாலைக் கடித்துக் குறைக்கிறது. பிறகு முன்முனையைக் காக்கும் தொப்பி கழன்று, எக்ஸ்ஆர்என்1 என்ற நொதி எஞ்சியதை விழுங்குகிறது. ஆக, இங்கே ஆர்என்ஏவில் பிழை ஏதுமில்லை. அதன் ஆயுள்தான் குறைகிறது.

இரண்டாவது, பிழை பார்த்து அழிப்பது. இத்தாலியின் சார்டினியா தீவில் பரவலான தலசீமியா என்ற இரத்தசோகை நோயில், கோடான் எனப்படும் மூன்றெழுத்துச் சொற்களில் 39ஆவதிலேயே புரத உருவாக்கத்தை முடிக்கும் நிறுத்தக் குறி வந்துவிடுகிறது. ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம் அங்கேயே நின்றுவிடுவதால், அதற்கப்பால் எக்சான் எனப்படும் துண்டுகள் இணையும் சந்திப்பருகே அமர்ந்த, வழக்கமாக அது கடந்துபோகும்போது அகற்றும் புரதத் தொகுதி அகற்றப்படாமல் இருக்கிறது. யுபிஎஃப்1 என்ற புரதம் அதைக் கண்டுகொள்ள, எஸ்எம்ஜி6 என்ற நொதி நிறுத்தக் குறியருகே ஆர்என்ஏவை வெட்டுகிறது. வால் சுருங்கும்வரை காத்திருப்பதில்லை.

எனக்கு இரண்டாவதே அதிகம் வியப்பளிக்கிறது, அதன் எல்லைக்காகவே. 121ஆம் கோடான் கடைசி எக்சானில் இருக்கிறது. அங்கே நிறுத்தக் குறி வந்தால் கடக்காத சந்திப்பு எதுவும் மிஞ்சாது, ஆர்என்ஏ தப்பிவிடும். அதிலிருந்து உருவாகும் குறைப்புரதம் செல்லில் படிந்துபோவதால், மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே நோய் வருகிறது.