மெமரி இன்டெக்ரிட்டியும் ஒரு பழைய விளையாட்டின் டிரைவரும்: நீண்டநாள் பயன்பாட்டில் கண்டவை

விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை இயக்கி வைத்தபடியே சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எல்லாம் அந்த ஒரே கணினியில்தான். மாலையில் என் அண்ணன் மகன் அதில் விளையாட உட்காருவான். அவனுக்குப் பிடித்தது வட்டில் வந்த பழைய வியூக விளையாட்டு ஒன்று. அது தன் நகல் தடுப்புக்காக, கெர்னல் எனப்படும் விண்டோஸின் கருவுக்குள்ளேயே ஒரு டிரைவரை நிறுவுகிறது. "சித்தப்பா, பழைய கணினியில் ஓடியது புதியதில் ஏன் ஓடவில்லை?" என்று அவன் கேட்டதிலிருந்துதான் இந்த ஆராய்ச்சி தொடங்கியது.

அவன் கேள்விக்கான பதில் இதுதான். விண்டோஸ் 10-இலிருந்து மேம்படுத்திய பல கணினிகளில் இந்தப் பாதுகாப்பு அணைந்தே கிடக்கும். விண்டோஸ் 11 புதிதாக நிறுவப்பட்டு, வன்பொருளும் தகுதியானதாக இருந்தால் அது பெரும்பாலும் தானாகவே இயங்கும். அதனால் ஒரே வட்டு ஒரு வீட்டில் ஓடும், அடுத்த வீட்டில் ஓடாது. வட்டில் கோளாறு என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.

மெமரி இன்டெக்ரிட்டி என்பது கோர் ஐசொலேஷன் என்ற பகுதியின் கீழ் வரும் ஓர் அமைப்பு. செயலியின் மெய்நிகராக்க வசதியைக் கொண்டு, விண்டோஸுக்கும் கீழே ஒரு ஹைப்பர்வைசர் ஓடுகிறது. கருவின் நினைவகப் பக்கங்களில் எவை இயங்கலாம் என்பதை அந்தக் கீழ் அடுக்கே தீர்மானிக்கிறது. விதி எளிமையானது: ஒரு பக்கத்தில் எழுத முடியும் என்றால் அதை இயக்க முடியாது, இயக்க முடியும் என்றால் அதில் எழுத முடியாது. கையொப்பம் சரிபார்க்கப்பட்ட நிரலின் பக்கத்துக்கு மட்டுமே இயங்கும் உரிமை கிடைக்கும். விண்டோஸின் கருவே தாக்குதலாளர் கைக்குப் போனாலும் இந்த விதியை மாற்ற முடியாது என்பதுதான் இதன் பலம்.

பழைய நகல் தடுப்பு டிரைவர்கள் சரியாக இந்த இடத்தில்தான் மோதுகின்றன. தம்மை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதற்காக அவற்றில் பல தங்கள் நிரலை மறையாக்கி வைத்திருக்கும். ஏற்றப்பட்டதும் நினைவகத்திலேயே மறைவிலக்கி, அங்கேயே எழுதி, அங்கேயே இயக்கும். எழுதவும் இயக்கவும் ஒரே பக்கம் என்பது அவற்றின் வடிவமைப்பிலேயே ஊறியது. அப்படித் தன்னைத் திருத்திக்கொள்ளாத எளிய டிரைவர்களிலும், விண்டோஸ் 8-க்கு முந்தைய வழக்கப்படி இயங்கக்கூடிய நினைவகத்தைக் கேட்டு வாங்குபவை மாட்டிக்கொள்ளும். ஆகவே இது ஏதோ ஒரு பட்டியலில் பெயர் சேர்ந்துவிட்டதால் வரும் தடை அல்ல. டிரைவரைத் திருத்தி எழுதினால்தான் தீரும். கைவிடப்பட்ட ஒரு விளையாட்டுக்கு அதை யார் எழுதித் தரப்போகிறார்கள்?

பெயர்ப் பட்டியலால் வரும் தடையும் தனியாக உண்டு. ஓட்டையுள்ள டிரைவர்களை மைக்ரோசாப்ட் ஒரு தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் விண்டோஸ் 11 புதுப்பிப்பிலிருந்து அது இயல்பாகவே இயங்குகிறது. திரையில் வரும் அறிவிப்பைக் கவனித்துப் படித்தால் இரண்டையும் பிரித்தறியலாம். மெமரி இன்டெக்ரிட்டி தடுத்தால் அதன் பெயரையே குறிப்பிடும். பட்டியல் தடுத்தால் அந்த டிரைவர் பாதுகாப்புக் குறையுள்ளது என்று சொல்லும். விளையாட்டு தானாகக் காட்டும் செய்தியை நம்ப வேண்டாம். எங்கள் விளையாட்டு அசல் வட்டைப் போடச் சொல்லிக்கொண்டே இருந்தது. வட்டு உள்ளேதான் இருந்தது.

பாதுகாப்பை அணைத்துவிட்டு விளையாடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். எங்கள் கணினியில் அதற்கு நான் உடன்படவில்லை. 2016-இல் ஒரு சண்டை விளையாட்டின் புதுப்பிப்போடு வந்த capcom.sys, எந்த நிரலையும் கருவின் உரிமையோடு ஓடவிடும் கதவாக இருந்தது தெரியவந்து, திரும்பப் பெறப்பட்டது. 2022-இல் mhyprot2.sys என்ற விளையாட்டு டிரைவரை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலாளர்கள் தாங்களே கொண்டுவந்து நிறுவி, வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்தினார்கள். அந்தக் கணினியில் விளையாட்டு இருக்கவேண்டிய தேவைகூட அவர்களுக்கு இல்லை. கையொப்ப டோக்கன் செருகியிருக்கும் இயந்திரத்தில் இந்த வாசலைத் திறந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நாங்கள் தீர்த்த விதம். அந்த விளையாட்டின் வெளியீட்டாளர் கடைசியாக விட்ட திருத்தம் வட்டுச் சோதனையையே நீக்கியிருந்தது. அதைப் போட்டதும் டிரைவர் இல்லாமலேயே விளையாட்டு ஓடியது. உங்கள் விளையாட்டுக்கு அப்படி ஒரு திருத்தமோ, நகல் தடுப்பு இல்லாத டிஜிட்டல் பதிப்போ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அடுத்தது, மிச்சம் கிடக்கும் டிரைவரை அகற்றுவது. விளையாட்டை நீக்கினாலும் டிரைவர் பெரும்பாலும் போகாது. மேம்படுத்திய பழைய கணினியில் இதுவே வேறு முகத்தோடு வரும்: மெமரி இன்டெக்ரிட்டியை இயக்கப் போனால் அது மறுத்துவிடும். Windows Security-இன் Device security பக்கத்தில் Core isolation details-க்குள் போய் Review incompatible drivers என்பதை அழுத்தினால் கோப்பின் பெயர் தெரியும். அங்கே oem என்று தொடங்கும் inf பெயர் இருந்தால் pnputil கட்டளையால் நீக்கலாம். நகல் தடுப்பு டிரைவர்கள் பலவற்றுக்கு அந்தப் பெயரே இருக்காது. அவை inf கோப்பு இல்லாமல் நேரடியாக ஒரு சேவையாகப் பதிந்திருக்கும். நகல் தடுப்பைச் செய்தவர்களே நீக்கும் கருவி தந்திருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, NAME என்ற இடத்தில் சேவையின் பெயரைப் போட்டு, ஒவ்வொரு வரியாகச் செய்யவேண்டும்:

```
sc.exe query type= driver state= all
sc.exe qc NAME
sc.exe config NAME start= disabled
```

இரண்டாவது கட்டளை காட்டும் BINARY_PATH_NAME, திரையில் கண்ட அதே sys கோப்பைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். பெயர் ஒத்துவராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடவேண்டும். சேமிப்பகத்தின் டிரைவரை முடக்கிவிட்டால் விண்டோஸ் எழும்பாது. முடக்கியபின் மறுதொடக்கம் செய்து சில நாள் வழக்கமான வேலைகளைப் பார்த்தேன். டோக்கன், அச்சுப்பொறி எல்லாம் சரியாக இருந்தன. பிறகுதான் `sc.exe delete NAME` கொடுத்து, `C:\Windows\System32\drivers` கோப்புறையில் இருந்த sys கோப்பின் பெயரை மாற்றினேன். மேம்படுத்திய கணினியாக இருந்தால் இதன்பின் Scan again அழுத்தி, பாதுகாப்பை இயக்கி, மறுதொடக்கம் செய்யவேண்டும். உண்மையில் இயங்குகிறதா என்பதை msinfo32 சொல்லும்: இயங்கும் சேவைகளின் வரியில் Hypervisor enforced Code Integrity என்று இருக்கவேண்டும்.

வேகம் பற்றி. எங்கள் கணினியின் செயலி புதியது. விளையாட்டிலோ கணக்கு மென்பொருளிலோ தளர்ச்சி எதையும் நான் உணரவில்லை. இன்டெலின் ஏழாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் இதற்கான வன்பொருள் உதவி இல்லாததால், அதே காவலை மென்பொருளே செய்யவேண்டியிருக்கும். அங்கே சுமை கூடும். விளையாட்டின் வேகத்துக்காக இதை அணைக்கலாம் என்று மைக்ரோசாப்டே ஓர் உதவிப் பக்கத்தில் சொல்கிறது, ஆனால் விளையாடி முடித்ததும் மறுபடி இயக்கச் சொல்கிறது. விளையாட்டுக்கு மட்டுமே வைத்திருக்கும் கணினியில் அது நியாயமான தேர்வு.

ஒன்று மட்டும் இன்றும் தொல்லையாக இருக்கிறது. வட்டிலிருந்து மறுபடி நிறுவும்போதெல்லாம் நிறுவி அந்த டிரைவரையும் சேவையையும் திரும்பவும் வைத்துவிடுகிறது. பாதுகாப்பு இயக்கத்தில் இருப்பதால் அது ஏறாது, ஆனால் கணினியின் சேமிப்பகத்தில் கிடக்கும். யாராவது பிறகு பாதுகாப்பை அணைத்தால் அடுத்த தொடக்கத்தில் ஏறிவிடும். அதனால் திருத்தத்தைப் போட்ட கையோடு மேலே சொன்ன துப்புரவையும் ஒருமுறை செய்கிறோம். திருத்தமே வராத வேறொரு விளையாட்டை அண்ணன் மகன் இணைய இணைப்பு இல்லாத பழைய கணினியில் விளையாடுகிறான்.