மீந்த ஃபிரைட் ரைஸ், மீந்த இறைச்சி: எதை எத்தனை தடவை சூடாக்கலாம்?

மீந்துபோன உணவை ஒரே ஒரு தடவைதான் சூடாக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் உணவுத் தர முகமை. அமெரிக்க வேளாண் துறை வெப்பநிலையை முன்னிறுத்துகிறது: உணவின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். இரண்டில் எதைப் பின்பற்றுவது? பாத்திரத்தில் இருப்பது சோறா, இறைச்சியா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பேன். இரண்டும் கெடும் விதமே வேறு.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதிக்கும் நீரில் வெந்தாலும் அவை சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்து மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நஞ்சை விட்டுவைக்கின்றன. இந்த நஞ்சுக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை. பிரஷர் குக்கரின் வெப்பத்தையே தாங்கும் என்றால் கடாய் என்ன செய்துவிடும்? நீங்கள் ஆவி பறக்கச் சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நஞ்சு அப்படியே தட்டுக்கு வரும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் தொடங்கும். மோப்பம் பிடித்தும் பயனில்லை. நஞ்சேறிய சோறு நல்ல வாசனையோடே இருக்கலாம்.

இறைச்சியின் கதை வேறு. அங்கே முக்கியமான ஆள் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். பெரிய பாத்திரத்துக் குழம்பு நிதானமாக ஆறும்போது, நாற்பது டிகிரியைத் தாண்டிய இதமான சூட்டில் இது மிக வேகமாகப் பெருகும். ஆனால் வயிற்றைக் கலக்கும் நஞ்சை இது பெரும்பாலும் நம் குடலுக்குள் போன பிறகுதான் உண்டாக்குகிறது. அதனால் 74 டிகிரிக்குச் சூடாக்கினால் பெருகிய பாக்டீரியா செத்து ஆபத்து பெரிதும் குறையும். சூடாக்குவது இறைச்சிக்கு ஓரளவு கைகொடுக்கும், சோற்றுக்குக் கொடுக்காது. அதற்காக இரவெல்லாம் வெளியில் கிடந்த கறியைச் சூடாக்கிச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். வேறு சில பாக்டீரியாக்களின் நஞ்சு சூட்டிலும் அழியாது.

இனி முறைகளை ஒப்பிடுவோம். இரவு எட்டு மணிக்கு ஆன கோழி ஃபிரைட் ரைஸில் மூன்று பேர் சாப்பிடும் அளவு மீந்திருக்கிறது. முதல் வழி: முழுப் பாத்திரத்தையும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் மதியம் முழுவதையும் சூடாக்கி, ஒருவருக்குப் பரிமாறி, மிச்சத்தை ஆறவைத்து மறுபடி உள்ளே வைப்பது. இரவிலும் அதே வேலை. ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பாக்டீரியாவுக்குப் பிடித்த நேரம் அதுதான்.

இரண்டாவது வழி: எட்டு மணிக்கே தட்டில் பரப்பிச் சூட்டைத் தணித்து, ஒன்பதுக்குள் மூன்று தட்டையான டப்பாக்களில் போட்டு, 5 டிகிரிக்குக் கீழே வைப்பது. ஒவ்வொரு டப்பாவும் ஒரே தடவை வெளியே வரும், சூடாகும், காலியாகும். எனக்கு இரண்டாவதுதான். முதல் வழியின் ஒரே லாபம், கழுவ டப்பா குறைவு.

சூடாக்கும் கருவியில் கடாய்க்கும் மைக்ரோவேவுக்கும் போட்டி. சோற்றுக்குக் கடாய் நல்லது: கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மெல்லியதாகப் பரப்பி, மூடி, அப்புறம் கிளறினால் எல்லாப் பக்கமும் சூடேறும். ஆனால் பெரிய இறைச்சித் துண்டு கடாயில் வெளியே கருகி உள்ளே சில்லென்றே இருக்கும். சின்னதாக நறுக்கிப் போடுங்கள், அல்லது குழம்போடு கொதிக்கவிடுங்கள். மைக்ரோவேவ் வேகமானது, ஆனால் இங்கொரு இடம் கொதிக்கும், அங்கொரு இடம் குளிர்ந்திருக்கும். மூடிபோட்டுச் சூடாக்கி, பாதியில் கிளறி, முடிந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே விட வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் மிகத் தடித்த துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள். குக்கரின் ‘வார்ம்’ நிலை போட்டியிலேயே இல்லை. அது சூடான சோற்றைச் சூடாக வைக்க, குளிர்ந்ததைச் சூடாக்க அல்ல.

சரி, எத்தனை தடவை? சோறு ஒரே தடவை, அதுவும் சமைத்த 24 மணி நேரத்துக்குள். நன்றாக ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்த இறைச்சி மூன்று நாள் தாங்கும். அதையும் ஒரு தடவையோடு நிறுத்துவதே நல்லது. இரண்டாவது தடவை சூடாக்கியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் 74 டிகிரி வந்திருக்க வேண்டும், நடுவில் வெளியே கிடந்திருக்கக் கூடாது. சோறும் கறியும் கலந்த ஃபிரைட் ரைஸுக்குச் சோற்றின் கணக்குதான், கறியின் சலுகை கிடையாது. மூன்றாவது டப்பா நாளை இரவுக்குள் காலியாகாது என்று தெரிந்தால், இன்றே ஃபிரீசருக்கு மாற்றிவிடுங்கள்.