ஆய்வு நாட்குறிப்பா, முடிவுப் பதிவேடா?

நேர்காணல் ஆய்வில், பேச்சின் பகுதிகளுக்கு அடையாளமாக இட்ட ‘தயக்கம்’, ‘பயம்’ என்ற இரு குறியீடுகளை ஒன்றாக இணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வின் போக்கில் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் குறித்துவைக்கும் முடிவுப் பதிவேட்டில் அது ஒரே வரி: தேதி, பழைய குறியீடுகள், புதிய வரையறை, காரணமான நேர்காணல் பகுதிகளின் வரி எண்கள், மறுபடி குறியிட வேண்டிய நேர்காணல்கள். தேர்வாளர் “ஏன் இணைத்தீர்கள்?” என்றால் உடனே காட்டலாம். ஆனால் நீங்கள் ஒதுக்கிய மாற்று வழியை அந்த வரி சொல்லாது.

அன்றன்றைய யோசனைகளை எழுதிவைக்கும் ஆய்வு நாட்குறிப்பு அதைச் சொல்லும்: ‘பயம்’ என்பது பேசியவருடையதா, என் ஊகமா என்ற சந்தேகம்கூட அதில் இருக்கும். தேடி எடுப்பதுதான் சிரமம். பதிவேட்டு வரியிலேயே நாட்குறிப்புத் தேதியைக் குறித்தால் அது தீரும்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பதிவேட்டையே எடுப்பேன். காரணக் கட்டத்தை மட்டும் மூன்று வாக்கியமாக நீட்டுவேன். எதுவானாலும் அன்றே எழுதுங்கள். மாதம் கழித்து எழுதினால், முடிவுக்குப் பொருந்தும் காரணம்தான் நினைவுக்கு வரும்.