கிரேயான் படத்தைக் கிரிட்டாவில் மெருகேற்றுவது: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

குழந்தை கிரேயானில் வரைந்த படத்தைச் சட்டமிட்டு மாட்டவோ வாழ்த்து அட்டையாக அச்சிடவோ தகுந்தபடி மெருகேற்ற, கிரிட்டா ஒன்றே போதும். இலவச மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். கீழே சொல்லும் முறைக்கு வரைபலகைகூடக் கட்டாயமில்லை, மவுஸிலேயே பெரும்பகுதியை முடிக்கலாம். காரணம் எளிது: இந்த முறையில் குழந்தையின் கோட்டை யாரும் திரும்ப வரைவதில்லை.

பெரும்பாலானவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. ஸ்கேன் செய்ததும் புது லேயர் போட்டு, கோடுகளை வழவழப்பாக நகலெடுத்து, அடியிலுள்ள மூலத்தை அணைத்துவிடுகிறார்கள். படம் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு யாரோ வரைந்த படம். கிரிட்டாவில் பிரஷ் கருவியின் Tool Options பேனலில் உள்ள Stabilizer கையின் நடுக்கத்தைச் சமன்செய்யும்போது, குழந்தை நிறுத்தித் திரும்பிய முனைகளையும் உருட்டிவிடும். படத்தின் உயிர் பாதி அந்த முனைகளில்தான் இருக்கிறது. கோட்டை அப்படியே விட்டு, மெருகு முழுவதையும் கோட்டுக்கு அடியிலுள்ள வண்ணத்தில் செய்வதே நல்ல பலன் தருகிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஏ4 தாள், ஐந்து வயதுப் பிள்ளை வரைந்தது. மேலே நீலப் பட்டையாக வானம், கீழே பச்சைப் பட்டையாகப் புல், நடுவில் வெறும் தாள். வலது மூலையில் கால்வட்டமாக மஞ்சள் சூரியன். வீட்டைவிட உயரமாக அம்மா, கைகள் தலையிலிருந்தே கிளம்புகின்றன, ஒரு கையில் ஏழு விரல்கள். வீட்டுச் சுவருக்கு ஊடாக உள்ளே இருக்கும் மேசை தெரிகிறது. பக்கத்தில் ஊதா நாய்.

இதில் எதுவும் பிழையில்லை. குழந்தை கண்ணில் படுவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர் லூக்கே 1920களிலேயே விளக்கியிருக்கிறார். மேசை வீட்டுக்குள் இருப்பது தெரியும், ஆகவே அது வரையப்படுகிறது. சுவர் மறைக்கும் என்பது பொருட்டில்லை. அம்மா முக்கியம், ஆகவே பெரியவள். வானம் மேலே இருப்பது, அது தரையைத் தொட வேண்டியதில்லை. நடுவில் விட்ட வெள்ளையை நீலத்தால் நிரப்பினால் அந்த எண்ணமே அழிந்துபோகும். வேலையைத் தொடங்குமுன் இப்படித் தொடக்கூடாதவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மணி நேரம் திரையைப் பார்த்த பிறகு ஏழாவது விரல் உறுத்தத் தொடங்கும், கை தானாக அழிப்பானைத் தேடும். இரண்டு மலைக்கு நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை என்று நம் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரையும் படத்திலும் இது பொருந்தும். அங்கே அந்தப் பிள்ளையின் சொந்தச் சரக்கு, மலை ஒன்று சாய்ந்திருப்பதிலும் தென்னை ஆற்றுக்குள் நிற்பதிலும்தான் இருக்கும்.

ஸ்கேன் செய்வதில் இரண்டு சிக்கல்கள். கிரேயான் மெழுகு, அழுத்தினால் கண்ணாடியில் ஒட்டும். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கீறலில்லாத மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் வைத்தால் போதும். அடுத்தது, ஸ்கேனர் மென்பொருளின் தானியங்கித் திருத்தங்கள். வெளிச்சம், நிறம் எதையும் அதுவாகச் சரிசெய்ய விடாமல் அணைத்துவிட்டு, 300 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்து, ஜேபெக் அல்லாமல் பிஎன்ஜியாகச் சேமிக்க வேண்டும். ஏ4 தாள் 2480×3508 பிக்சல் வரும். ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி அச்சிடுவதென்றால் 600 டிபிஐ தேவை. கைபேசியில் எடுத்தால் மெழுகின் பளபளப்பு வெள்ளைத் திட்டாக விழும், அதைப் பின்னால் எடுக்க முடியாது.

கிரிட்டாவில் திறந்ததும் மூலத்தை நகலெடுத்து, ஒன்றைப் பூட்டி வையுங்கள். மற்றதில் Filter > Adjust > Levels திறந்து, வெள்ளை முனையை 255இலிருந்து சற்று உள்ளே, ஏறக்குறைய 235வரை நகர்த்தினால் தாளின் சாம்பல் போய்விடும். அதற்குமேல் இழுக்கும் ஆசைதான் சூரியனைத் தின்கிறது. மஞ்சளுக்கும் வெள்ளைத் தாளுக்கும் வெளிச்ச அளவில் வித்தியாசம் மிகக் குறைவு, நீலச் சேனலில் மட்டும்தான் இரண்டும் பிரிந்து நிற்கும். Channels பேனலில் சிவப்பு, பச்சை இரண்டையும் அணைத்துப் பார்த்தால் சூரியன் கருமையாக, கதிர்கள் உட்பட முழுதாகத் தெரியும். தாளில் கண்ணுக்கே தெரியாத மஞ்சள் கிறுக்கல்களும் சில சமயம் அங்கே வெளிப்படும். வெள்ளையை எவ்வளவு இழுக்கலாம் என்பதை இந்தக் காட்சியை வைத்தே முடிவு செய்யுங்கள். உதிர்ந்த மெழுகுத் துகள்களை Smart Patch கருவியால் நீக்கலாம். ஆனால் துகளா, குழந்தை வைத்த புள்ளியா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நீக்குங்கள். அம்மாவின் சட்டைப் பொத்தான்கள் இப்படித்தான் காணாமல் போகின்றன.

இப்போது லேயர் வரிசை. மேலே சுத்தம் செய்த ஸ்கேன், அதன் கலப்பு முறை Multiply. நடுவே வண்ணங்களுக்கான ஒரு குழு. அடியில் இளம் பால்நிறத்தில் தாள். Multiply முறையில் தாளின் வெள்ளை மறைந்து, கிரேயான் மட்டும் நிற்கும். கிரேயான் தாளின் மேடுகளில் மட்டுமே படிவதால் நடுநடுவே வெள்ளைப் பொரிகள் இருக்கும். அடியில் வண்ணம் போட்டதும் அந்தப் பொரிகள் நிரம்பிவிடும், கிரேயானின் சொரசொரப்பு மேலே அப்படியே தங்கும். மெருகு என்று நாம் தேடுவதில் பெரும்பங்கு இந்த ஒரு மாற்றத்திலேயே கிடைத்துவிடுகிறது.

அடி வண்ணம் கிரேயானைவிட வெளிறியதாக இருக்க வேண்டும். ஊதா மேல் அதே ஊதா பெருக்கப்பட்டால் நாய் கறுத்துப்போகும். Color Sampler கருவியின் ஆரம் 1 பிக்சலாக இருந்தால், கிளிக் விழும் இடத்தைப் பொறுத்து ஒருமுறை வெள்ளைப் பொரியும் ஒருமுறை கரும் மெழுகும் மாறிமாறி வரும். ஆரத்தை 10 அளவுக்குக் கூட்டினால் சராசரி நிறம் கிடைக்கும், அதை இன்னும் சற்று வெளிறச் செய்து பூசலாம். நிறத்தின் குடும்பத்தை மட்டும் மாற்றவே கூடாது.

பூசுவதற்கு Fill கருவி உதவாது. கோட்டிலுள்ள பொரிகள் வழியே நிறம் ஒழுகி, தாள் முழுக்கப் பரவிவிடும். இதற்குக் கிரிட்டாவில் உள்ள நல்ல வழி Colorize Mask. ஸ்கேன் லேயரில் அதைச் சேர்த்து, ஒவ்வொரு உருவத்துக்குள்ளும் அதற்குரிய நிறத்தில் ஒரு கீற்று, வெற்றுத் தாளில் ஒரு கீற்று போட வேண்டும். தாளுக்கான நிறத்தை Transparent என்று குறித்துவிட்டு Update அழுத்தினால் எல்லைகளை அதுவே கண்டுபிடிக்கும். Edge detection மதிப்பை மிக மெல்லிய கோட்டின் அகலத்துக்கு வைக்கலாம். 300 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டர் சுமார் 12 பிக்சல் என்பதால், 3 மி.மீ. கிரேயான் கோட்டுக்கு 35 போதும். கோட்டின் இடைவெளிகளை அடைக்கும் Gap close hint கூடக் கூட விளிம்பு கரடாகும், வேகமும் குறையும். பெரிய கோப்பில் காத்திருக்க வேண்டியிருப்பது இதன் உண்மையான குறை. இன்னொரு குறை, வெளிர் மஞ்சள் விளிம்பை அது சரியாகப் பிடிப்பதில்லை. சூரியனைக் கையால் பூசுவதே விரைவு. Clean up மதிப்பைக் குறைவாகவே வையுங்கள். கோட்டைத் தாண்டி வழிந்த வண்ணமும் அந்த உருவத்தின் பகுதிதான், அதை ஒழுங்காகக் கத்தரித்தால் வண்ணப் புத்தகத்தின் சாயல் வந்துவிடும்.

முடிந்ததும் அதைச் சாதாரண லேயராக மாற்றி, வண்ணக் குழுவுக்குள் இடுங்கள். நிழலுக்கு அதன்மேல் இன்னொரு லேயர், கீழே நிறம் உள்ள இடத்தில் மட்டும் தெரியவைக்கும் Inherit Alpha போட்டு. பலரும் இங்கே சிக்குகிறார்கள்: நிழல் உருவத்துக்குள் அடங்காமல் தாளிலும் பரவும். Inherit Alpha ஒரே குழுவில் கீழே உள்ள எல்லா லேயர்களையும் சேர்த்தே கணக்கிடும். தாள் லேயரும் அதே மட்டத்தில் இருந்தால் எல்லாமே நிரம்பிய இடமாகத்தான் அதற்குத் தெரியும். தாளைக் குழுவுக்கு வெளியே வைத்தால் சரியாகிவிடும்.

நிழல் ஒரே ஒரு தொனி, 20 முதல் 30 சதவீத அடர்த்தி, ஓரம் மங்காத பிரஷ். மென்மையாகக் கரையும் நிழல் போட்டால் உருவம் உருண்டைபோல் உப்பும். தலையிலிருந்து கிளம்பும் கை தட்டைப் படத்தில் இயல்பாக இருக்கிறது, முப்பரிமாணத்தில் அது ஊனமாகத் தெரியத் தொடங்கும். ‘ஏதோ பயமுறுத்துகிறது’ என்று தோன்றும் மெருகேற்றங்களில் பெரும்பாலும் குற்றவாளி இந்த நிழல்தான். சூரியன் மூலையில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் தரையில் நிழல் விழ வேண்டும் என்று கணக்குப் போடவும் வேண்டாம்.

கோடு உண்மையிலேயே கிழிந்தோ மடிப்பில் உதிர்ந்தோ போயிருந்தால் மட்டும் வரையலாம். பிரஷ் அகலம் அதே 35 பிக்சல், சமன்செய்யும் வசதி None. குழந்தை எங்கே கையெடுத்ததோ அங்கேயே நீங்களும் எடுங்கள். பிள்ளை எழுதிய பெயரில் எழுத்துத் தலைகீழாக இருந்தாலும் எழுத்துருவில் தட்டச்சு செய்து மாற்றாதீர்கள்.

சரிபார்க்க, பூட்டி வைத்த மூலத்தின் நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து Difference முறைக்கு மாற்றுங்கள். மாறாத இடம் கறுப்பாக இருக்கும், நிறம் மட்டும் மாறிய இடம் மங்கலான திட்டாகத் தெரியும். எங்காவது அருகருகே இரட்டை வெளிச்சக் கோடு ஓடினால் அங்கே உருவம் நகர்ந்திருக்கிறது.

அச்சுக்குப் போகும்போது சூரியனைத்தான் மறுபடி கவனிக்க வேண்டும். அது தாளின் விளிம்போடு ஒட்டி நிற்கிறது. சட்டத்தின் உதடு எல்லாப் பக்கமும் 5 மி.மீ. மறைத்தால் கதிர்களில் ஒன்றிரண்டு போய்விடும். கான்வாஸைப் பக்கத்துக்கு 60 பிக்சல் அல்லது அதற்கும் மேலாகப் பெரிதாக்கி, மூலத் தாளின் விளிம்பை மெல்லிய கோடாகத் தெரியவிட்டால் சூரியன் ஏன் அங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரியும். வெட்டு விளிம்புவரை அச்சாகும் அட்டைக்கு இது ஒத்துவராது. அங்கே சூரியனையும் பட்டைகளையும் 3 மி.மீ. வெளியே நீட்டிக் கொடுக்க வேண்டும், 36 பிக்சல். ஊதாவும் ஆரஞ்சும் அச்சில் மங்கக்கூடும். Ctrl+Y அழுத்தி முன்னோட்டம் பார்த்துவிட்டு, மங்குவது தெரிந்தால் அடி வண்ணத்தை மட்டும் கூட்டுங்கள், மேலிருக்கும் கிரேயானை அல்ல.