சமபாகமும் சம்பாகமும்: 11 ஆண்டுகளாகத் தமிழ்99 விசைப்பலகையோடு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் தங்கை மகள் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "மாமா, ஆய்வேட்டை நானே தட்டச்சு செய்யப்போகிறேன், ஒலிப்பு முறையிலேயே தொடரட்டுமா, தமிழ்99 கற்றுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனுக்களும் பத்திரங்களும் தட்டச்சு செய்து தரும் கடையை நடத்திவரும் நான், முதல் 5 ஆண்டுகள் ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி அடிக்கும் ஒலிப்பு முறையிலும் அதற்குப் பின் 11 ஆண்டுகளாகத் தமிழ் எழுத்துகளுக்கே தனி விசைகள் உள்ள தமிழ்99 முறையிலும் தட்டச்சு செய்து வருகிறேன். இரண்டின் அருமையும் தொல்லையும் எனக்குத் தெரியும்.

நான் மாறியதற்குக் காரணம் ஒரேயொரு எழுத்து. ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "தென்புற அறை" என்று வரவேண்டிய இடத்தில் "தென்புற அரை" என்று அடித்துவிட்டேன். ஒலிப்பு முறையில் சிறிய r அடித்தால் ர, ஷிஃப்டோடு பெரிய R அடித்தால் ற. அவசரத்தில் விரல் ஷிஃப்டை விட்டுவிட்டது. 'அரை' என்பதும் சரியான தமிழ்ச் சொல்லே என்பதால் பிழைதிருத்தி அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. பதிவுக்கு முந்திய நாள் மாலை அந்த வீட்டுப் பெரியவர் வந்து, தென்புறத்தில் பாதி என்று பொருள்படுகிறதே என்று கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது.

இந்தப் பிழை கவனக்குறைவால் மட்டும் வருவதன்று. ஒலிப்பு முறையில் ர-ற, ல-ள, ன-ண ஆகிய இணைகள் ஒரே விசையில் அமர்ந்திருக்கின்றன. இரண்டையும் பிரிப்பது ஷிஃப்ட் ஒன்றே. வேகம் கூடக்கூட முதலில் தவறுவதும் அந்த ஷிஃப்ட்தான். போதாக்குறைக்கு, சொல்லின் முதலில் வரும் n தானாக ந ஆகிவிடும், நடுவில் வந்தால் ன ஆகிவிடும். அதனால் 'அநீதி' என்று எழுத நினைத்து aniithi என்று அடித்தால் 'அனீதி' என்றே வரும். நடுவில் ந வேண்டுமென்றால் w விசையைத் தேடிப்போக வேண்டும். மனுக்களில் அடிக்கடி வரும் சொல் அது என்பதால் அந்த 5 ஆண்டுகளில் எத்தனை முறை அழித்து எழுதியிருப்பேன் என்று சொல்ல முடியாது.

தமிழ்99 முறையில் ர என்பது m விசையிலும் ற என்பது u விசையிலும் இருக்கின்றன. ல, ள, ழ மூன்றும் n, y, / என்று தனித்தனி விசைகளில் உள்ளன. ஒன்றை மற்றொன்றாக அடிப்பதற்கு விரல் வேறு விசைக்கே போக வேண்டும் என்பதால், எழுத்துப்பிழை விடலாமே தவிர ஷிஃப்ட் பிழை விட இடமில்லை. உயிர்கள் இடக்கைக்கும் பெரும்பாலான மெய்கள் வலக்கைக்கும் என்று பிரித்திருப்பதோடு, குறிலுக்கு நேர் மேலே நெடிலை வைத்திருக்கிறார்கள்: அ மேலே ஆ, இ மேலே ஈ, உ மேலே ஊ, எ மேலே ஏ. 1999 சென்னை மாநாட்டை ஒட்டி இதை வகுத்தவர்கள் தமிழ்ச் சொற்கள் கையில் எப்படி ஓடும் என்று யோசித்து வகுத்திருக்கிறார்கள் என்பது தினமும் தட்டச்சு செய்பவருக்குப் புரியும். எங்கள் ஊர் ஆற்றின் பெயரையே இரண்டு முறையிலும் அடித்துப் பாருங்கள்.

```
ஒலிப்பு:   thenpeNNaiyaaRu
தமிழ்99:   lgifjgppr'qud
```

மேலே 15 எழுத்துகள், அவற்றில் மூன்றுக்கு ஷிஃப்ட் வேண்டும். கீழே 13 விசைகள், ஷிஃப்ட் ஒன்றுகூட இல்லை. இதில் ண்ண என்பதற்குப் புள்ளி வைக்காமல் p விசையை இருமுறை தட்டியதைக் கவனிக்க வேண்டும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற போன்ற இணைகளிலும் அப்படியே. 'வந்து' என்பதற்கு v;ld என்ற நான்கு விசைகளே போதும். இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்த முறையை மனமார நேசிக்கிறேன்.

ஆனால் பத்திரம் எழுதுபவனுக்கு அதே வசதிதான் தீராத எரிச்சலாகவும் இருக்கிறது. பாகப்பிரிவினையில் வரிக்கு வரி வருவது 'சமபாகம்' என்ற சொல். ம-வுக்குப் பின் ப வருவதைக் கண்டதும் அது புள்ளி வைத்து 'சம்பாகம்' ஆக்கிவிடுகிறது. 'சமமாக' என்பது 'சம்மாக' ஆகிறது. புள்ளி விழாமல் தடுக்க, முதல் மெய்க்குப் பின் அ விசையை ஒருமுறை தட்ட வேண்டும்.

```
[kjqhkf    சம்பாகம்
[kajqhkf   சமபாகம்
```

தெரிந்துகொண்டால் ஒரு தட்டுதான் கூடுதல். இருந்தும் 11 ஆண்டுகள் கழித்தும், கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்து வரிகளைச் சொல்லிக்கொண்டிருக்கும் வேகத்தில், வாரம் ஒருமுறையாவது அந்த 'சம்பாகம்' திரையில் வந்து நிற்கிறது. இப்போது அச்செடுக்கும் முன் 'சம்பா', 'சம்மா' என்று தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இன்னொரு தொல்லை, எல்லாக் கணினியிலும் தமிழ்99 ஒன்றுபோல் வேலை செய்வதில்லை என்பது. கணினியைப் பழுதுபார்த்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவித் தந்தபோது, பெயர் தமிழ்99 என்றே இருந்தும் அது விசைக்கு ஓர் எழுத்து போடுவதோடு நின்றுவிட்டது. புள்ளியும் தானாக விழவில்லை. அரைநாள் வேலை கெட்டது. புதிய கணினியில் அமர்ந்தால் முதலில் h விசையை இருமுறை தட்டுங்கள். 'க்க' வந்தால் சரியான அமைப்பு, 'கக' வந்தால் வேறு மென்பொருளைத் தேட வேண்டும்.

தொடங்குபவருக்கு ஒலிப்பு முறையே எளிது என்று பலரும் சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆங்கில விசைப்பலகை ஏற்கெனவே கையில் படிந்தவருக்குத்தான் அது எளிது. தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்து என் கடைக்கு வேலைக்கு வந்த ஓர் அம்மாவுக்கு, 'ழ' என்றால் z என்று விளங்கவைக்க முடியவில்லை. தமிழ்99 விசைகளின் படத்தை ஒட்டிக் கொடுத்தேன். மூன்றாம் வாரத்தில் படத்தைப் பார்க்காமல் மனு அடித்தார். எனக்கோ, ஆங்கிலத் தட்டச்சு விரலில் ஊறியிருந்ததால், இரண்டு மாதம் ஆயிற்று. அதில் முதல் மாதம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. தட்டச்சு நிலையத்தில் பயின்று தேர்வெழுதியவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பழைய தட்டச்சு அமைப்பிலேயே தொடர்வது நல்லது. அந்த விரல்களை மாற்றுவது வீண் வேலை.

தங்கை மகளுக்கு ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று மாதமே இருக்கிறது. இரண்டு இயல்கள் ஏற்கெனவே ஒலிப்பு முறையில் முடிந்துவிட்டன. தமிழ்99 முறையை இவ்வளவு புகழ்ந்த பிறகும் அவளுக்கு நான் சொன்ன பதில், "இப்போது மாறாதே அம்மா" என்பதே. வேகம் திரும்பி வருவதற்குள் காலக்கெடு முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அடித்தால் சொல்லை ஊகித்துப் பட்டியல் காட்டும் கருவியை மட்டும் நிறுத்திவிட்டு, விதிப்படி எழுத்துக்கு எழுத்து மாறும் ஒலிப்பு முறையையே பயன்படுத்தச் சொன்னேன், ஏனென்றால் ஊகிக்கும் கருவி 'பலம்', 'பழம்', 'பாலம்' மூன்றையும் நீட்டும்போது களைத்த கண் முதலில் இருப்பதையே தேர்ந்துவிடும். ஒவ்வோர் இயலையும் முடித்ததும் ர-ற, ன-ண வரும் சொற்களை மட்டும் தனியாக ஒருமுறை வாசித்துவிட்டு எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முதல் இயல் நேற்று வந்தது. நான்காம் பக்கத்திலேயே 'அனேக' என்று இருந்தது. w விசையைப் பற்றி மீண்டும் ஒருமுறை எழுதி அனுப்பினேன்.