கேட்பு, வசூல், நிலுவை: ஆறு ஆண்டுகளாக நான் பயன்படுத்தும் வாடகைக் கணக்கு

பெங்களூரில் அல்சூரில் ஒரு பழைய வீடு, இராமமூர்த்தி நகரில் இரண்டு போர்ஷன்கள், ஹூடியில் ஓர் அடுக்ககக் குடியிருப்பு என நான்கு குடித்தனங்களின் வாடகையை எங்கள் குடும்பத்தில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் கையேட்டிலும், கடந்த ஆறு ஆண்டுகளாகக் கூகுள் ஷீட்ஸில் நானே அமைத்த ஒரு கோப்பிலும் கணக்கு எழுதி வருகிறேன்.

கையேட்டில் பணம் வந்த நாளும் தொகையும் மட்டுமே இருந்தன. எந்த நாளில் எவ்வளவு வரவேண்டியிருந்தது என்பதற்கு அதில் இடமே இல்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரவு தென்படுவதால், குறைவாக வந்த மாதங்கள் கண்ணில் படாமல் போயின. தமிழ்நாட்டின் ஊராட்சி வரிப் பதிவேடுகளில் உள்ள ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்னும் பிரிவினைதான் எனக்கு வழிகாட்டியது. கேட்பு என்பது வரவேண்டிய தொகை, வசூல் என்பது வந்த தொகை, நிலுவை என்பது இன்னும் வராத பாக்கி. ஒப்பந்தம் எழுதியவுடனே பதினொரு மாத வாடகையையும், ஒவ்வொன்றுக்கும் உரிய தேதியுடன், பதினொரு வரிகளாகக் கேட்புத் தாளில் எழுதிவிடுகிறேன். வரவு தனித்தாள். நிலுவையை நான் எங்கும் எழுதுவதில்லை. அது இரண்டின் வேறுபாடாகத் தானே வருகிறது.

இதன் பயனை 2023-இல் இராமமூர்த்தி நகர் மாடிப் போர்ஷனில் கண்டேன். வாடகை 18,000 ரூபாய், கெடு மாதம் 5-ஆம் தேதி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை முறையே 18,000, 12,000, 18,000, 15,000, 18,000, 12,000, 12,000, 15,000 வந்தன. கேட்பு 1,44,000, வரவு 1,20,000, நிலுவை 24,000. ஒன்றேகால் மாத வாடகைக்கும் மேல் பாக்கி நிற்கிறது என்று நான் சொன்னபோது குடியிருந்தவருக்கு உண்மையிலேயே வியப்பு. “மாசாமாசம் கொடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன் அண்ணா, போன மாசத்துல கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. என்னுடைய பழைய கையேடு இருந்திருந்தால் நானும் அதையே நம்பியிருப்பேன்.

தாளைச் சேர்ந்து பார்த்தபோது அவர் ஒரு திருத்தம் சொன்னார். ஜூலையில் குறைந்த 3,000 ரூபாய், தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்ட அவர் தம் கையிலிருந்து கொடுத்தது, ரசீதும் வைத்திருந்தார். இத்தகைய கழிவை நான் அதுவரை எழுதத் தவறியிருந்தேன். அதை இரண்டு இடங்களில் எழுத வேண்டும்: வரவில் 3,000, பராமரிப்புச் செலவிலும் 3,000. ஒன்றை விட்டால் நேர்மையான குடித்தனக்காரர் பாக்கிக்காரர் ஆகிறார். மற்றொன்றை விட்டால் வீட்டின் செலவு உண்மையைவிடக் குறைவாகத் தெரிகிறது. திருத்திய பின் நிலுவை 21,000 ஆயிற்று. வாடகையுடன் மாதம் 3,000 கூடுதலாகக் கொடுத்து ஏழு மாதங்களில் அவர் அதைத் தீர்த்தார்.

தொகையைவிட நாள்கணக்குதான் எனக்கு முக்கியம். வருகிற பணம் மிகப் பழைய பாக்கிக்கே முதலில் சேரும் என்று கொள்கிறேன். அதற்காகக் கேட்புத் தாளில் ஒவ்வொரு வரியிலும் அதுவரையான கேட்பின் கூட்டுத்தொகையை வைத்து, மொத்த வரவைத் தாண்டுகிற முதல் வரியின் தேதியைத் தேடுகிறேன். கோப்பில் கேட்புத் தாளின் பெயர் Dues, வரவுத் தாளின் பெயர் Receipts. இரண்டு தாள்களிலும் A குடித்தன எண், B தேதி, C தொகை. Dues தாளில் D கூட்டுத்தொகை. சுருக்கத் தாளில் ஒரு குடித்தனத்துக்கு ஒரு வரி: A குடித்தன எண், B இன்றுவரையான கேட்பு, C வரவு, D நிலுவை, E மிகப் பழைய பாக்கியின் தேதி.

```
Dues!D2: =SUMIFS(C:C, A:A, A2, B:B, "<="&B2)

B2: =SUMIFS(Dues!C:C, Dues!A:A, A2, Dues!B:B, "<="&TODAY())
C2: =SUMIFS(Receipts!C:C, Receipts!A:A, A2)
D2: =B2-C2
E2: =MINIFS(Dues!B:B, Dues!A:A, A2, Dues!D:D, ">"&C2)
```

மேற்சொன்ன கணக்கில் திருத்திய வரவு 1,23,000. அக்டோபர் வரையான கேட்பு 1,26,000. ஆகவே E2 அக்டோபர் 5-ஐக் காட்டியது. நவம்பர் 20 அன்று பாக்கியின் வயது 46 நாள். முழுவதும் செலுத்தியவருக்கு அதே கட்டம் அடுத்த கெடுவைக் காட்டும். குடித்தன எண் வீட்டுக்கு உரியதாக அன்றி ஆளுக்கு உரியதாக இருக்க வேண்டும். வீட்டின் பெயரை வைத்தால் போனவரின் பாக்கி புதிதாக வந்தவரின் தலையில் ஏறிவிடும்.

என்னை மிக அலைக்கழித்தது தேதி. கோப்பின் நாட்டு அமைப்பு அமெரிக்காவாக இருந்ததை முதல் ஆண்டில் நான் கவனிக்கவில்லை. 05/11 என்று நான் எழுதிய நவம்பர் 5-ஐ அது மே 11 என்று கொண்டது. இப்படி 5-ஆம் தேதிக் கெடுக்கள் எல்லாம் மே மாதத்தில் போய் விழுந்து, இன்னும் பிறக்காத மாதங்களுக்கும் பாக்கி காட்டியது. அல்சூர் வீட்டின் கெடு 15-ஆம் தேதி. பதினைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அந்தக் கட்டங்கள் வெறும் எழுத்தாக நின்று, கேட்பிலேயே சேரவில்லை. எழுத்தாக நிற்பது கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும், தேதி வலப்பக்கம் ஒட்டியிருக்கும். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட தேதியைக் கண்டுபிடிக்க மாதம் பெயராகத் தெரியும்படி வடிவத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். அமைப்பை இந்தியா என்று மாற்றினாலும் பழைய பதிவுகள் தாமாகத் திருந்துவதில்லை. நான் அனைத்தையும் மறுபடி தட்டெழுதினேன்.

அட்வான்ஸ் தொகையும் அதே ஆண்டில் ஒரு பிழைக்குக் காரணமாயிற்று. இங்கே பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அந்த 1,80,000 ரூபாயை நான் வரவுத் தாளில் எழுதியதால் பத்து மாத வாடகை அளவுக்குள் எந்தப் பாக்கி இருந்தாலும் தெரியவில்லை, வீட்டின் விளைச்சலும், அதாவது வீட்டின் மதிப்புக்கு அது தரும் வருமானமும், பொய்யாக உயர்ந்தது. திருப்பித் தரவேண்டிய பணம் வருமானம் ஆகாது. இப்போது அதற்குத் தனித்தாள் இருக்கிறது.

விளைச்சல் விகிதத்தைக் கேட்பை வைத்து அல்லாமல், கைக்கு வந்த வாடகையிலிருந்து செலவைக் கழித்து, அன்றைய சந்தை மதிப்பால் வகுத்துக் கணக்கிடுகிறேன். ஹூடி குடியிருப்பின் வாடகை 32,000, மதிப்பு 95 லட்சம் என்று வைத்தால் மேலோட்டமாக 4.04 சதவீதம் வருகிறது. ஆனால் கடந்த ஆண்டு ஒரு மாதம் காலியாக இருந்ததால் வந்தது 3,52,000 மட்டுமே. அதில் சங்கப் பராமரிப்பு 54,000, சொத்து வரி 9,000, வண்ணப்பூச்சும் பழுதும் 36,000 போக 2,53,000 நின்றது. அது 2.66 சதவீதம். பல ஆண்டுகள் உழைக்கும் செலவை மட்டும் பிரித்து எழுதுகிறேன்: அல்சூர் வீட்டு மொட்டைமாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்புக்கு ஆன 84,000 ரூபாயை ஏழாண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 என்று பகிர்ந்திருக்கிறேன், இல்லையேல் அந்த ஓராண்டில் அந்த வீடு வீண் என்று தோன்றியிருக்கும். இந்தச் செலவுத் தாளை வருமான வரிக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. அங்கே பழுதுச் செலவு எவ்வளவானாலும் அதற்கு நிலையான 30 சதவீதக் கழிவு மட்டுமே உண்டு.

ஹூடியின் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது மிகப் பெரிய செலவு பழுது அன்று, நானே கட்டிவந்த மாதம் 4,500 ரூபாய்ச் சங்கப் பராமரிப்புதான் என்று தெரிந்தது. ஆகவே புதிய ஒப்பந்தத்தில் வாடகையை 29,000 ஆகக் குறைத்து, பராமரிப்பைக் குடியிருப்பவரே சங்கத்துக்கு நேராகக் கட்டும்படி எழுதிக்கொண்டோம். எனக்கு மாதம் 1,500 ரூபாய் கூடுதலாக நிற்கிறது.